மொழிபெயர்ப்புக்கு அனுப்பும் அடையாள அட்டையிலும் மருத்துவ அறிக்கையிலும் எவற்றை மறைப்பது?

கேள்வி: ஐயா, என் அப்பாவின் சிறுநீரகக் கோளாறு தொடர்பான ஆங்கில அறிக்கைகளைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்து அனுப்பும்படி பிரான்சிலிருக்கும் அண்ணா கேட்கிறார். அங்குள்ள வைத்தியர் ஒருவரிடம் கருத்துக் கேட்கப் போகிறாராம். அப்பாவை அங்கு அழைப்பதற்கான விண்ணப்பத்துக்கு அவருடைய அடையாள அட்டையின் மொழிபெயர்ப்பும் தேவையாம். எங்கள் பழைய மாணவர் வட்ஸ்அப் குழுவில் பிரெஞ்சு தெரிந்த ஒருவர் இலவசமாகச் செய்து தருவதாகவும், எல்லாவற்றையும் படமெடுத்து அனுப்பும்படியும் சொன்னார். நான் ஓர் அறிக்கையைக் குழுவிலேயே போட்டுவிட்டேன். பிறகு பயம் வந்துவிட்டது. எதை வெட்டுவது, எதை மறைப்பது, எதை அப்படியே விடுவது?
வாசகி, சாவகச்சேரி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளனாகத் தொழில் செய்பவன் என்ற முறையில் முதலில் நான் செய்வது, உங்கள் கையிலுள்ள தாள்களை இரண்டாகப் பிரிப்பதுதான். மருத்துவ அறிக்கைகளை மொழிபெயர்ப்பவருக்கு நோயாளி யார் என்பது தேவையில்லை. நோய் என்ன, எப்போது எந்த அளவில் இருந்தது என்பதே தேவை. ஆகவே அவற்றில் ஆளைக் காட்டும் அனைத்தையும் மறைக்கலாம். அடையாள அட்டையின் நிலை இதற்கு நேர்மாறானது. விண்ணப்பத்துடன் இணைக்கும் அத்தாட்சிப்படுத்திய மொழிபெயர்ப்பில் மூலத்திலுள்ள ஒவ்வொரு எழுத்தும் இருக்க வேண்டும். ஓர் எழுத்தை மறைத்தாலும் அந்த மொழிபெயர்ப்பு செல்லாது. எனவே அடையாள அட்டையை மறைத்து அனுப்புவதா, மறைக்காமல் அனுப்புவதா என்பதைவிட, அதை யாரிடம் எந்த வழியில் கொடுப்பது என்பதே அங்கு கேள்வி. இவ்விரண்டு வேலைகளையும் ஒரே ஆளிடம் ஒரே உரையாடலில் ஒப்படைப்பதையே நான் முதலில் தவிர்க்கச் சொல்வேன். அதற்கான காரணம் அடையாள அட்டை இலக்கத்துக்குள்ளேயே இருக்கிறது.

நமது நாட்டின் தேசிய அடையாள அட்டை இலக்கம் பொருளற்ற எண்களின் வரிசை அல்ல. பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும் உள்ளன. முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டையும், அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாளில் அவர் பிறந்தார் என்பதையும் குறிக்கின்றன. பெண்ணாக இருந்தால் அந்த நாளெண்ணுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். கற்பனையாக ஓர் இலக்கத்தை எடுத்துக்கொள்வோம்: அது 56197 என்று தொடங்குகிறது. இந்த எண்முறையில் பெப்ரவரிக்கு எல்லா ஆண்டிலும் 29 நாட்கள் கணக்கிடப்படுவதால், ஜூன் முடிய 182 நாட்கள், மிகுதி 15. ஆகவே இந்த அட்டைக்குரியவர் 1956 ஜூலை 15ஆம் திகதி பிறந்த ஓர் ஆண். அதே நாளில் பிறந்த பெண்ணின் இலக்கம் 56697 என்று தொடங்கியிருக்கும். பெயரையும் பிறந்த திகதியையும் கறுப்பாக்கிவிட்டு இலக்கத்தைத் தெரியவிட்டவர், பிறந்த திகதியையும் பாலினத்தையும் மறைக்கவே இல்லை.

புதிய 12 இலக்க முறையும் இதே அமைப்புத்தான். முன்னால் 19 சேர்த்து, நாளெண்ணுக்குப் பிறகு ஒரு பூச்சியத்தை நுழைத்து, கடைசி எழுத்தை நீக்கினால் பழைய இலக்கம் புதியதாகிவிடும். ஆகவே ஒரு தாளில் பழைய இலக்கமும் இன்னொன்றில் புதிய இலக்கமும் இருந்தால், அவற்றை இரு வேறு இலக்கங்களாக நினைத்து ஒன்றை மட்டும் மறைப்பதில் பயனில்லை.

பலர் இங்கே இன்னொரு வழியைக் கையாளுகிறார்கள்: இலக்கத்தின் முன்பகுதியை மறைத்துக் கடைசி நான்கை மட்டும் காட்டுகிறார்கள். வங்கி அட்டைகளில் அப்படிக் கண்டு பழகியதால் அது பாதுகாப்பானதாகத் தோன்றுகிறது. ஆனால் அடையாள அட்டை இலக்கத்தில் முன்பகுதி என்பது பிறந்த நாளும் பாலினமும் மட்டுமே. நீங்கள் அனுப்பும் பரிசோதனை அறிக்கைகளில் ஒன்றிலேனும் அப்பாவின் பிறந்த திகதி அச்சிடப்பட்டிருந்தால், அந்தத் திகதியிலிருந்து முன்னைந்து இலக்கங்களையும், அட்டைப் படத்திலிருந்து பின்னான்கையும் எடுத்துச் சேர்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும். ஒவ்வொரு படத்தையும் தனியாகப் பார்த்தால் கவனமாக மறைக்கப்பட்டிருக்கும்; இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் முழு இலக்கமும் வெளியே வந்துவிடும். மேலும், கடைசி எண் மற்ற எண்களிலிருந்து கணக்கிட்டுப் பெறப்படும் சோதனை எண் என்பதால், அது ஒன்றை மட்டும் மறைப்பதும் மறைப்பதாகாது. இலக்கத்தை மறைப்பதென்றால் முழுவதையும் மறைக்க வேண்டும். அது தோன்றும் ஒவ்வொரு தாளிலும் மறைக்க வேண்டும்.

இனி மருத்துவ அறிக்கைகளுக்கு வருகிறேன். உங்களிடம் பெரும்பாலும் இரண்டு வகைத் தாள்கள் இருக்கும்: வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பும்போது தரும் நோய் நிர்ணய அட்டை, மற்றும் இரத்த, சிறுநீர்ப் பரிசோதனை அறிக்கைகள்.

நோய் நிர்ணய அட்டையில் பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம் ஆகியவற்றுடன், நோயாளர் அனுமதி இலக்கம், கிளினிக் இலக்கம், சுகாதாரப் பதிவு இலக்கம் போன்ற வைத்தியசாலை இலக்கங்களையும் மறையுங்கள். வெளியாருக்கு இந்த இலக்கங்கள் வெறும் எண்களே. ஆனால் வைத்தியசாலைக்குள் அவையே நோயாளியின் பெயர். அவற்றை வைத்துக்கொண்டு, தன்னை உறவினர் என்று சொல்லி விபரம் கேட்கும் ஒருவருக்கு அப்பாவின் கோப்பு எங்கே இருக்கிறதென்று தெரிந்துவிடும். மொழிபெயர்ப்பாளருக்கோ அவற்றால் எந்தப் பயனும் இல்லை. வைத்தியரின் பெயரையும் கையொப்பத்தையும் முத்திரையையும் கூட மறைத்துவிடலாம். கருத்துக் கேட்பதற்கு அவை வேண்டியதில்லை. விடுதி இலக்கத்தை நான் மறைக்கச் சொல்வேன்; ஆனால் அது எந்தப் பிரிவு, பொது மருத்துவமா சிறுநீரகப் பிரிவா, என்பதை விட்டுவையுங்கள், ஏனெனில் பின்னால் வரும் குறிப்புகளைப் புரிந்துகொள்ள அது உதவும்.

பெயர் தாளின் தலைப்பகுதியில் மட்டும் இருப்பதில்லை என்பதை மறந்துவிட வேண்டாம். ஒரு வைத்தியர் இன்னொருவருக்கு எழுதும் பரிந்துரைக் கடிதத்தில், உடற்பகுதியின் முதல் வரியிலேயே நோயாளியின் பெயரும் ஊரும் தொழிலும் ஒரே மூச்சில் வந்துவிடும். சில கடிதங்களில் குடும்ப வரலாறு என்ற பகுதியில் மனைவியின் நோயும் சகோதரரின் நோயும் உறவுமுறையுடன் எழுதப்பட்டிருக்கும். அங்கே நோயாளியின் தந்தைக்கு நீரிழிவு இருந்தது என்பது போன்ற செய்தியைத் தெரியவிட்டு, அந்த உறவினரின் பெயரும் ஊரும் இருந்தால் அவற்றை மட்டும் மூடுங்கள். ஒவ்வொரு தாளையும் மேலிருந்து கீழ்வரை ஒருமுறை வாசித்த பின்னரே எதையும் மூடத் தொடங்க வேண்டும்.

இங்கே வெட்டுவதற்கும் மூடுவதற்கும் உள்ள வேறுபாட்டை நான் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் என்னிடம் வரும் படங்களில் மிகுந்த கேடு விளைவிப்பது வெட்டுவதுதான். கைத்தொலைபேசியில் ஒரு படத்தின் மேற்பகுதியை வெட்டுவது எளிது; பெயரும் முகவரியும் அங்கேதான் இருக்கின்றன என்பதால் மேலேயிருக்கும் நான்கு விரற்கடை அகலத்தை அப்படியே நீக்கிவிடுகிறார்கள். ஆனால் நோய் நிர்ணய அட்டையிலும் கிளினிக் கொப்பியிலும், நோயாளிக்கு ஒவ்வாத மருந்தை வைத்தியர்கள் சிவப்பு மையில் எழுதுவதும் அந்த மேற்பகுதியில்தான். பெனிசிலின் ஒவ்வாது என்ற ஒரு வரி பெயருக்குப் பக்கத்தில் இருந்தால், பெயருடன் சேர்ந்து அதுவும் போய்விடும். மொழிபெயர்ப்பாளர் இல்லாத வரியை மொழிபெயர்க்க முடியாது. பிரான்சிலுள்ள வைத்தியர் அப்படியொரு வரி இருந்ததென்று அறியவும் மாட்டார். இரத்த வகை, தாளின் பக்க எண், பரிசோதனைத் திகதி ஆகியவையும் பெரும்பாலும் விளிம்புகளில்தான் இருக்கும். ஆகவே என் கருத்து உறுதியானது: மருத்துவத் தாள்களில் வெட்டவே வேண்டாம், மூடுங்கள். மூடும்போது நீங்கள் எதை மூடுகிறீர்கள் என்பதைப் பார்த்தே மூடுகிறீர்கள். நான்கு மூலைகளும் தெரியும் படத்தைப் பெறும் மொழிபெயர்ப்பாளருக்கும் தாள் முழுமையாக வந்திருக்கிறது என்பது தெரியும்.

பரிசோதனை அறிக்கைகளில், மறைக்கக் கூடாதவற்றைப் பற்றியே நான் அதிகம் கவலைப்படுகிறேன். வயதையும் பாலினத்தையும் மறைக்க வேண்டாம். பிறந்த திகதியை மூடிவிட்டு, மூடிய இடத்தில் வயதை ஆண்டுக்கணக்கில் எழுதினால் போதும். ஹீமோகுளோபின் போன்றவற்றின் வழமையான அளவு ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறு. சிறுநீரகம் எந்த அளவு இயங்குகிறது என்பதைக் கிரியேட்டினின் அளவிலிருந்து கணக்கிடும் சூத்திரத்துக்கு வயதும் பாலினமும் இல்லாமல் முடியாது. உங்கள் அப்பாவின் விடயத்தில் இதுவே முதன்மையான எண் என்பதால், இதை மறைத்துவிட்டால் அனுப்பியதன் நோக்கமே பாழாகும்.

அடுத்தது அலகு. நமது ஆய்வுகூடங்கள் பலவற்றில் கிரியேட்டினின் ஒரு டெசிலீற்றருக்கு இத்தனை மில்லிகிராம் என்று தரப்படுகிறது. பிரான்சில் அதை ஒரு லீற்றருக்கு இத்தனை மைக்ரோமோல் என்றோ, ஒரு லீற்றருக்கு இத்தனை மில்லிகிராம் என்றோ எழுதுவது வழக்கம். இங்கே 1.8 என்று அச்சிடப்பட்டிருக்கும் அளவு, அங்கே ஒரு முறையில் 159 ஆகவும் மற்ற முறையில் 18 ஆகவும் எழுதப்படும். மூன்றும் ஒரே இரத்தத்தின் ஒரே அளவுதான். அறிக்கையின் வலப்பக்க ஓரத்திலுள்ள அலகும், அதற்கு அடுத்திருக்கும் வழமையான அளவுகளின் நிரலும் படத்தில் விடுபட்டால், 1.8 என்ற எண் தனியாக நிற்கும். அதை வாசிப்பவர் ஊகிக்க வேண்டிவரும். மொழிபெயர்ப்பாளர் அலகை மாற்றிக் கணக்கிட்டு எழுதக் கூடாது. தாளில் உள்ளதை அப்படியே எழுத வேண்டும், மாற்றிக் கணக்கிடுவது வைத்தியரின் வேலை. அதற்கு அலகு கண்ணுக்குத் தெரிந்தாக வேண்டும்.

பரிசோதனைத் திகதிகளையும் விட்டுவையுங்கள். ஒரு கிழமைக்குள் 1.2 இலிருந்து 1.8 ஆக உயர்ந்த கிரியேட்டினினும், ஆறு ஆண்டுகளில் அவ்வாறு உயர்ந்ததும் வைத்தியருக்கு இரு வேறு நோயாளிகள் போன்றவை. திகதி ஒன்றை மட்டும் வைத்து ஆளைக் கண்டுபிடிப்பது, பெயரும் ஊரும் இலக்கமும் மறைந்திருக்கும்போது, எளிதல்ல. ஆய்வுகூடத்தின் பெயரை நீங்கள் மறைத்தாலும் விட்டாலும் பெரிய வேறுபாடில்லை. சிறிய ஊரின் சிறிய ஆய்வுகூடமானால் மறையுங்கள்.

ஆனால் அந்த அறிக்கையின் மூலையில் இருக்கும் கியூஆர் குறியீட்டை ஒருபோதும் மூடாமல் விட வேண்டாம். இப்போது பல தனியார் ஆய்வுகூடங்கள் அறிக்கையை இணையத்தில் பார்ப்பதற்காகவே அதை அச்சிடுகின்றன. அதைத் தன் கைத்தொலைபேசியால் வருடிப் பார்ப்பவருக்கு, நீங்கள் கவனமாக மூடிய அதே அறிக்கை, மூடப்படாத மூல வடிவில், பெயருடன் திறந்துவிடக்கூடும். பட்டைக் குறியீடும், அதன் கீழுள்ள அறிக்கை இலக்கமும் அவ்வாறே. சில ஆய்வுகூடங்களின் தளத்தில் அந்த இலக்கத்தையும் தொலைபேசி இலக்கத்தையும் கொடுத்தால் அறிக்கை வந்துவிடும். குறியீட்டின் ஒரு மூலையை மட்டும் மூடுவதும் போதாது: பகுதி சிதைந்தாலும் வாசிக்கத்தக்க முறையிலேயே கியூஆர் குறியீடுகள் அமைக்கப்படுகின்றன. முழுச் சதுரத்தையும் மூட வேண்டும். புதிய அடையாள அட்டையிலுள்ள பட்டைக் குறியீட்டுக்கும் இதே விதி.

ஸ்கேன் அல்லது எக்ஸ்-றே படத்தை அனுப்புவதானால், படத்தின் மூலைகளில் சிறிய வெள்ளை எழுத்துகளில் பெயரும் இலக்கமும் பதிந்திருக்கும். அவற்றுக்கு அருகிலேயே வலது, இடது என்பதைக் குறிக்கும் ஆங்கில எழுத்தும் இருக்கும். பெயரை மூடி, அந்த எழுத்தை விடுங்கள். எந்தச் சிறுநீரகம் என்பது அதில்தான் இருக்கிறது.

எப்படி மூடுவது என்பதற்கு நான் பரிந்துரைப்பது மிகப் பழைய முறை: படம் எடுப்பதற்கு முன்பே தாளின் மீது மூடுங்கள். விசிட்டிங் கார்ட் போன்ற தடித்த மட்டையைச் சிறு கீலங்களாக வெட்டி, பெயரின் மேலும் இலக்கத்தின் மேலும் வைத்து, மேலிருந்து நேராகப் படமெடுங்கள். மெல்லிய வெள்ளைத் தாள் வேண்டாம். வெளிச்சத்தில் கீழுள்ள எழுத்து ஊடாகத் தெரியும். மூலத்தாளில் பேனையாலோ மார்க்கராலோ எதையும் அடிக்க வேண்டாம், அந்தத் தாள் பிறகு வேறு தேவைக்கு வேண்டும். போட்டோ கொப்பியில் கறுப்பு மார்க்கரால் அடிப்பவர்கள் உண்டு. சரித்துப் பிடித்தால் மையின் கீழ் அச்செழுத்து மினுங்கித் தெரியும் என்பதால், அடித்த பிரதியை இன்னொரு முறை கொப்பி எடுத்து அதையே படமெடுக்க வேண்டும்.

மட்டைக் கீலம் இவ்வளவு நம்பத்தக்கதாக இருப்பதற்குக் காரணம், மறைக்கப்பட்ட எழுத்து அந்தப் படக்கோப்பினுள் ஒருபோதும் நுழையவில்லை என்பதே. படமெடுத்த பிறகு திரையில் மறைக்கும் முறைகளில் அந்த உறுதி கிடையாது. கைத்தொலைபேசியின் வரைதல் கருவிகளில் ஹைலைட்டர் வகைப் பேனை ஓரளவு ஊடுருவித் தெரியும் தன்மையுடையது. கறுப்பு நிறத்தில் இரண்டு மூன்று முறை பூசினால் கண்ணுக்கு முழுக் கறுப்பாகத் தோன்றும், படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் எழுத்து எழுந்து வரும். வேர்ட் கோப்பில் படத்தை ஒட்டி அங்கே வெட்டினால், வெட்டிய பகுதி பார்வையிலிருந்து மட்டுமே நீங்கும். கோப்பைப் பெறுபவர் அதை மீட்டெடுக்கலாம். கணினியில் உருவான பிடிஎவ் அறிக்கையில் எழுத்தின் மேல் ஒரு கறுப்புப் பெட்டியை வரைந்தால், பெட்டியின் கீழிருக்கும் எழுத்தைத் தெரிவுசெய்து வேறிடத்தில் ஒட்டி வாசிக்க முடியும். 2023ஆம் ஆண்டில் கூகுள் பிக்சல் தொலைபேசிகளின் படம் திருத்தும் கருவியிலும், விண்டோஸின் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வெட்டும் கருவியிலும், வெட்டி நீக்கிய பகுதி கோப்பின் முடிவில் அப்படியே எஞ்சியிருந்த குறை வெளிப்பட்டு, பிறகு திருத்தப்பட்டது.

எழுத்துகளை மங்கலாக்குவதும் கட்டங்கட்டமாகச் சிதைப்பதும், முகத்துக்கு ஓரளவு பயன்பட்டாலும், இலக்கத்துக்குப் பயன்படுவதில்லை. ஓரிடத்தில் இருக்கக்கூடியது பூச்சியம் முதல் ஒன்பது வரையான பத்து வடிவங்களில் ஒன்றே என்றும், எழுத்துரு எது என்றும் தெரியும்போது, பத்தையும் அதேபோல் மங்கலாக்கி ஒப்பிட்டுப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். திரையில்தான் மறைக்க வேண்டும் என்ற நிலை வந்தால், முழுக் கறுப்பு நிறத்தால் நிரப்பிய சதுர வடிவைப் பயன்படுத்தி, மறைத்த படத்தைத் திரையில் வைத்து ஸ்கிரீன்ஷொட் எடுத்து, அந்த ஸ்கிரீன்ஷொட்டை மட்டும் அனுப்புங்கள். அனுப்புமுன் அதைப் பெரிதாக்கி, வெளிச்சத்தை உச்சத்துக்குக் கூட்டி, கறுப்புப் பகுதியில் ஏதும் தெரிகிறதா என்று பாருங்கள்.

வட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது, எடுத்த இடத்தைக் குறிக்கும் ஜிபிஎஸ் விபரம் நீங்கிவிடும். அதே படத்தை ஆவணமாகவோ மின்னஞ்சல் இணைப்பாகவோ அனுப்பினால், கைத்தொலைபேசியின் அமைப்பைப் பொறுத்து, உங்கள் வீட்டின் இருப்பிடம் கோப்புடன் சேர்ந்து போகலாம். எழுத்துத் தெளிவுக்காக மொழிபெயர்ப்பாளர் ஆவணமாகக் கேட்பது நியாயமானதே. அவ்வாறு கேட்டால் கமராவின் அமைப்பில் இருப்பிடப் பதிவை நிறுத்திவிட்டு மீண்டும் படமெடுங்கள். கோப்பின் பெயரில் அப்பாவின் பெயர் இருக்கக் கூடாது என்பதையும் கவனியுங்கள்.

பெயரை மூடுவதால் புதிதாக ஓர் ஆபத்து பிறக்கிறது: தாள்கள் கலந்துவிடலாம். அம்மாவின் சீனி அறிக்கை ஒன்று அதே உறைக்குள் இருந்து, அதிலும் பெயர் மூடப்பட்டுவிட்டால், அது அப்பாவின் அறிக்கையாகவே மொழிபெயர்க்கப்படும். ஆகவே ஒவ்வொரு கீலத்தின் மேலும் ஒரு குறியை எழுதுங்கள். உதாரணமாக அப்பாவின் தாள்கள் அனைத்திலும் பெயரின் இடத்தில் நோயாளர் க, ஆண், 69 வயது என்றும், தாளின் கீழ் மூலையில் க-1, க-2 என்ற வரிசையும் இருக்கட்டும். இலக்கத்தை மூடிய கீலத்தில் இலக்கம் மறைக்கப்பட்டது என்று எழுதுங்கள். அப்போது மொழிபெயர்ப்பாளர் அந்த இடத்தில் ஏதோ வாசிக்க முடியாமல் இருக்கிறதென்று நினைக்காமல், மறைக்கப்பட்டது என்றே மொழிபெயர்ப்பிலும் குறிப்பார். எந்தக் குறி யாருக்குரியது என்பதை அண்ணாவிடம் தொலைபேசியில் சொன்னால் போதும். மொழிபெயர்ப்பு வந்தபின் அவரே அதைப் பெயருடன் இணைத்து வைத்தியரிடம் கொடுப்பார்.

நம் ஊர்ப் பெயர்முறையையும் இங்கு நினைவில் கொள்ள வேண்டும். தந்தையின் பெயரை முன்னால் வைத்து எழுதுவது நமது வழக்கம். உங்கள் வட்ஸ்அப் கணக்கில் உங்கள் முழுப்பெயர் இருந்தால், அப்பாவின் பெயரைத் தாளில் எவ்வளவு நன்றாக மூடினாலும், அப்பாவின் அறிக்கை என்ற ஒரு சொல்லுடன் அது அனுப்பியவரின் பெயரிலிருந்தே தெரிந்துவிடும். பழைய மாணவர் குழுவில் பலருக்கு உங்கள் வீடும் தெரிந்திருக்கும். குழுவுக்குள் எதை மறைத்தும் பயனில்லை என்பதால், மறைத்த படங்களைக்கூட அந்த மொழிபெயர்ப்பாளருக்கு மட்டும் தனியாக அனுப்புங்கள். இயலுமானால் அண்ணாவே அவருக்கு அனுப்பட்டும்.

அடையாள அட்டைக்கு வருவோம். விண்ணப்பம் கேட்பது எந்த வகை மொழிபெயர்ப்பு என்பதை அண்ணா முதலில் எழுத்தில் கேட்டு அறியட்டும். இலங்கையில் பதிவுபெற்ற சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் மொழிபெயர்ப்பை ஏற்பார்களா, அல்லது பிரான்சின் மேன்முறையீட்டு நீதிமன்றமொன்றின் பட்டியலில் உள்ளவரே செய்ய வேண்டுமா என்பதைப் பொறுத்து, அட்டையை யார் பார்க்கப்போகிறார்கள் என்பது மாறும். எதுவாயினும், குழுவில் உதவ முன்வந்த நண்பரின் மொழிபெயர்ப்பை, அது எவ்வளவு சரியாக இருந்தாலும், முத்திரை இல்லாமல் ஏற்கமாட்டார்கள். ஆகவே அவருக்கு அட்டையின் படம் தேவையே இல்லை. பெயரின் எழுத்துக்கூட்டலைச் சரிபார்க்க என்று அவர் கேட்டால், கடவுச்சீட்டில் உள்ளபடி பெயரைத் தட்டச்சுச் செய்து அனுப்புங்கள். கடவுச்சீட்டுப் பக்கத்தையே படமெடுத்து அனுப்ப வேண்டாம். அதன் அடியிலுள்ள, அம்புக்குறிகள் நிறைந்த இரண்டு வரிகளில் பெயர், கடவுச்சீட்டு இலக்கம், பிறந்த திகதி, முடிவுத் திகதி ஆகியவை மீண்டும் ஒருமுறை எழுதப்பட்டிருக்கின்றன. மேலே மூடியவர்கள் கீழே அதை மறந்துவிடுகிறார்கள்.

சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடமும் தொடக்கத்திலேயே திறந்த படத்தை அனுப்ப வேண்டியதில்லை. கட்டணமும் நாளும் கேட்பதற்கு, இலக்கமும் படமும் குறியீடும் மூடிய அட்டையின் படம் எங்களுக்குப் போதும். எத்தனை வரிகள், எந்த மொழிகள், எழுத்துத் தெளிவாக இருக்கிறதா என்பதே அப்போது நாங்கள் பார்ப்பது. வேலையை ஒப்படைப்பதென்று முடிவானதும், யாழ்ப்பாணத்திலேயே செய்வதாக இருந்தால், மூல அட்டையுடன் நேரில் செல்லுங்கள். மூலத்தைக் கண்ணால் பார்த்தே அத்தாட்சிப்படுத்த வேண்டும் என்பதால் அது எப்படியும் தேவைப்படும். மொழிபெயர்ப்பாளர் தன்னிடம் வைத்துக்கொள்ளும் பிரதியின் குறுக்கே, எழுத்துகளை மறைக்காதபடி, மொழிபெயர்ப்புக்கு மட்டும் என்பதையும் திகதியையும் பேனையால் எழுதிக் கொடுங்கள். ஒரு வரி அட்டையின் படத்தின் ஓரத்தைத் தொட்டுச் செல்லட்டும், அப்போது அதை வெட்டி நீக்கி வேறு தேவைக்குப் பயன்படுத்துவது கடினமாகும். பிரான்சிலுள்ள மொழிபெயர்ப்பாளரானால், அண்ணா நேரில் கொடுக்கும் பிரதிக்கும் இதுவே போதும்.

ஏற்கெனவே குழுவில் போட்ட அறிக்கையைப் பற்றி. அனுப்பி இரண்டு நாட்களுக்குச் சற்று மேல் ஆகாவிட்டால், எல்லோருக்கும் அழி என்ற தெரிவைக் கொண்டு இன்றே நீக்குங்கள். அந்தக் காலம் கடந்திருந்தால், குழுவின் நிர்வாகியிடம் சொல்லுங்கள். அவராலும் அதை எல்லோருக்கும் அழிக்க முடியும். உறுப்பினர்களின் தொலைபேசிகளில் படங்கள் தானாகச் சேமிக்கப்படும் அமைப்பு இருந்தால் பிரதிகள் அங்கே தங்கியிருக்கும் என்பதால், குழுவில் ஒரு சுருக்கமான வேண்டுகோளை இடுங்கள்: தவறுதலாக அனுப்பிய மருத்துவ அறிக்கையைத் தயவுசெய்து அழித்துவிடுங்கள் என்ற அளவில், அறிக்கை யாருடையது என்று சொல்லாமல். பிறகு அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். அதில் கியூஆர் குறியீடு இருந்தால், ஆய்வுகூடத்துக்குத் தொலைபேசி எடுத்து, அந்த அறிக்கையின் இணைய இணைப்பை முடக்க முடியுமா என்று கேளுங்கள். அடையாள அட்டை இலக்கமும் இருந்தால், இலக்கத்தை மாற்ற வழியில்லை என்பதால், அப்பாவின் பெயரில் யாரேனும் தொலைபேசியில் அழைத்து இலக்கத்தைச் சரியாகச் சொன்னாலும் அதை நம்பி எந்த விபரத்தையும், குறிப்பாக வங்கியிலிருந்து வரும் கடவுஎண்ணை, கொடுக்க வேண்டாம் என்று வீட்டிலுள்ள அனைவருக்கும் சொல்லிவையுங்கள். அப்பாவின் வங்கிக்கும் தகவல் தெரிவித்துவிடுங்கள்.